வாடிக்கையாளர் எடுத்த படத்தை உங்கள் கடைப் பக்கத்தில் போடலாமா? போடுவதற்கு முன் என்ன கேட்க வேண்டும், எப்படி நன்றி சொல்ல வேண்டும்?

உங்கள் அத்தை வீட்டிலிருந்தே முறுக்கும் அதிரசமும் செய்து விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடையின் இன்ஸ்டகிராம் பக்கத்தை நீங்கள்தான் பார்த்துக்கொள்கிறீர்கள். தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது ஒரு வாடிக்கையாளர் கடையை டேக் செய்து ஒரு படம் போடுகிறார். அவருடைய பாட்டி சோபாவில் உட்கார்ந்து, பக்கத்தில் இருக்கும் குழந்தைக்கு முறுக்கை உடைத்துக் கொடுக்கிறார். "பாட்டிக்குப் பிடிச்ச முறுக்கு" என்று ஒரே ஒரு வரி.

அழகான படம். காசு கொடுத்தாலும் இப்படி ஒரு விளம்பரம் கிடைக்காது. நீங்கள் உடனே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, கடைப் பக்கத்தில் பதிவேற்றுகிறீர்கள். கேப்ஷனில், "தீபாவளிக் கொண்டாட்டம் களைகட்டுது! எங்க முறுக்கு இல்லாம தீபாவளியா? ஆர்டருக்கு இன்றே டிஎம் பண்ணுங்க!" வாடிக்கையாளரின் பெயரையும் மறக்காமல் போட்டுவிட்டீர்கள்.

அன்று இரவே அவரிடமிருந்து ஒரு செய்தி வருகிறது.

"அந்தப் படத்தை எடுத்திடுங்க, ப்ளீஸ். தாத்தா தவறி இன்னும் ஆறு மாசம்கூட ஆகல. இந்த வருஷம் எங்க வீட்ல தீபாவளி இல்ல. அதான் பலகாரம்கூட செய்யல, பாட்டிக்கும் பிள்ளைக்கும் மட்டும் உங்ககிட்ட வாங்கினோம். இப்போ சொந்தக்காரங்க எல்லாம் ஃபோன் பண்ணி, என்ன கொண்டாட்டமான்னு கேக்கிறாங்க. பாட்டி அழுதுட்டாங்க."

இது கற்பனைச் சூழல்தான். ஆனால் துக்க ஆண்டில் பண்டிகை கொண்டாடாமல் இருப்பதும், வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்காமல் வெளியில் பலகாரம் வாங்குவதும் நம் குடும்பங்கள் பலவற்றில் நடப்பவை. படத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, கேட்டிருந்தால்தான் தெரிந்திருக்கும். இந்த ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, எங்கே தவறு நடந்தது, எப்படிச் செய்திருக்கலாம் என்று பார்ப்போம்.

டேக் செய்தால் அனுமதி கொடுத்ததாக அர்த்தமா?

இல்லை. "உங்க பொருளை வாங்கினேன், பாருங்க" என்று சொல்வதற்காகத்தான் ஒருவர் கடையை டேக் செய்கிறார். "என் படத்தை உங்க வியாபாரத்துக்குப் பயன்படுத்திக்குங்க" என்று அவர் சொல்லவில்லை. அவருடைய கணக்கு எல்லாரும் பார்க்கும்படி திறந்திருந்தாலும் இதே நிலைதான்.

"அவரே இன்ஸ்டகிராமில் போட்டுட்டாரே, அப்புறம் என்ன?" என்று சிலர் கேட்பார்கள். படம் பதிவேற்றும்போது அதைக் காட்டும் உரிமத்தை அவர் இன்ஸ்டகிராம் நிறுவனத்துக்குக் கொடுக்கிறார். அதே தளத்தில் கணக்கு வைத்திருக்கும் கடைகளுக்கு அந்த உரிமம் தானாக வந்துவிடாது.

பெயரைப் போட்டால் போதும் என்பது இன்னொரு தவறான எண்ணம். பெயர் போடுவதும் அனுமதி கேட்பதும் இரண்டு தனித்தனி வேலைகள். ஒன்றைச் செய்தால் மற்றொன்று செய்ததாக ஆகாது. பக்கத்து வீட்டுச் சைக்கிளைச் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போய், "இது அவங்களோடது" என்று அதில் எழுதி ஒட்டினால் சரியாகிவிடுமா?

படம் யாருக்குச் சொந்தம்?

நம் எடுத்துக்காட்டில் ஒரு சின்ன சிக்கல் ஒளிந்திருக்கிறது. படத்தைப் போட்டவர் வாடிக்கையாளர். எடுத்தவர் அவருடைய தம்பி.

சிங்கப்பூரின் பதிப்புரிமைச் சட்டம் 2021, அந்த ஆண்டு நவம்பர் 21ஆம் தேதி நடப்புக்கு வந்தது. பொதுவாக ஒரு படத்தின் பதிப்புரிமை அதை எடுத்தவருக்கே உரியது. படத்தில் இருப்பவருக்கோ, கைபேசியின் சொந்தக்காரருக்கோ, முதலில் சமூக ஊடகத்தில் போட்டவருக்கோ அது தானாகப் போய்ச் சேராது. அப்படியென்றால் அக்கா சரி என்று சொன்னால் மட்டும் போதாது. தம்பியும் சரி சொல்ல வேண்டும்.

அதே சட்டம் இன்னொன்றையும் புதிதாகக் கொண்டு வந்தது. ஒருவரின் படைப்பைப் பொதுவில் பயன்படுத்தும்போது, படைத்தவர் யார் என்பதை அடையாளம் காட்ட வேண்டும். முன்பு அது மரியாதைக்காகச் செய்வதாக இருந்தது. இப்போது படைப்பாளருக்கு அது சட்டப்படியான உரிமை. நம் எடுத்துக்காட்டில், நீங்கள் அக்காவின் பெயரைப் போட்டீர்கள். ஆனால் படம் எடுத்த தம்பியின் பெயர் எங்கேயும் இல்லை. நல்ல எண்ணத்தோடு போட்டிருந்தாலும் ஆளை மாற்றிப் போட்டுவிட்டீர்கள்.

இதைத் தவிர்க்க ஒரு கேள்வி போதும்: "இந்தப் படத்தை எடுத்தது நீங்களா, வேற யாராவதா?" பதில் "தெரியல, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்தது" என்றால், எடுத்தவரைக் கண்டுபிடிக்கும் வரை அந்தப் படத்தை விட்டுவிடுவது நல்லது. அந்த நேரத்தில் வேறொரு படம் கேட்டு வாங்கிவிடலாம்.

படத்தில் இருப்பவர்கள்?

படத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள். பாட்டி, குழந்தை.

ஆளை அடையாளம் காட்டும் படமும் தனிநபர் தகவல்தான். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012இன் கீழ், வியாபாரத்துக்காக ஒருவரின் தகவலைப் பயன்படுத்துவோர் பொதுவாக அவரின் ஒப்புதலைப் பெற வேண்டும். சொந்த, குடும்பத் தேவைக்குப் படம் போடும் ஒருவருக்கு அந்தக் கடமை இல்லை. வாடிக்கையாளர் தன் பக்கத்தில் பாட்டியின் படத்தைப் போட்டது அந்த வகை. அதே படம் கடைப் பக்கத்துக்கு வந்ததும் அது வியாபாரம் ஆகிவிடுகிறது. வீட்டிலிருந்து நடத்தும் சின்ன வியாபாரம் என்றாலும் அப்படித்தான்.

ஏற்கெனவே பொதுவில் இருக்கும் தகவலுக்குச் சட்டத்தில் விதிவிலக்கு உண்டு. ஆனால் அதை நம்பி நீங்கள் படம் போடத் தொடங்கினால், பாட்டி அழுத அந்த இரவில் விதிவிலக்கு உங்களுக்கு உதவாது. கேட்பதற்கு ஆகும் நேரம் இரண்டு நிமிடம்.

பெரியவர் என்றால் அவரிடமே கேட்கச் சொல்லுங்கள். "பாட்டிக்கு இன்ஸ்டகிராம் தெரியாது, நானே சொல்லிடுறேன்" என்று பேரப்பிள்ளை சொல்லலாம். அப்போதும், "பாட்டிகிட்ட ஒரு வார்த்தை, கடைக்காரங்க எல்லாருக்கும் காட்டலாமான்னு கேட்டுடுங்க" என்று சொல்வதில் தவறில்லை. குழந்தை என்றால், 13 வயதுக்குக் கீழ் உள்ளவருக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். அத்தையோ மாமாவோ சரி சொல்வது போதாது. பள்ளிச் சீருடையில் பெயர்ப்பட்டை, சன்னலுக்கு வெளியே தெரியும் புளோக் எண், மேசையில் கிடக்கும் கடிதத்தில் முகவரி, இவையும் இருக்கின்றனவா என்று படத்தை ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள்.

எப்படிக் கேட்பது?

பல கடைகள் கமென்ட்டில் "படம் சூப்பர்! ரீபோஸ்ட் பண்ணலாமா?" என்று மட்டும் எழுதும். வாடிக்கையாளர் ஒரு இதய எமோஜி போடுவார். அதை அனுமதி என்று எடுத்துக்கொள்வார்கள். இதில் இரண்டு பிரச்சினை. இதயம் எதற்கு என்று தெளிவில்லை, பாராட்டுக்கும் அது பதிலாக இருக்கலாம். அதோடு, எல்லார் முன்னிலையிலும் கேட்டால் "வேண்டாம்" என்று சொல்ல யாருக்கும் கூச்சமாக இருக்கும்.

தனிச் செய்தியில் கேளுங்கள். உங்களைப் பின்தொடராதவருக்கு நீங்கள் அனுப்பும் செய்தி, அவருடைய செய்திக் கோரிக்கைகள் பகுதியில் போய் விழும். பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. அதனால் படத்தின் கீழே "ரொம்ப நன்றி க்கா! ஒரு செய்தி அனுப்பியிருக்கோம், நேரம் கிடைச்சா பாருங்க" என்று மட்டும் எழுதிவிட்டு, கேள்வியைத் தனிச் செய்தியில் வையுங்கள்.

செய்தியில் ஐந்து விஷயம் தெளிவாக இருக்க வேண்டும். எந்தப் படம், எங்கே போடப் போகிறீர்கள், எவ்வளவு நாள் இருக்கும், யார் பெயரைப் போடுவது, வேண்டாம் என்று சொல்லும் வழி. இப்படி எழுதலாம்:

"வணக்கம் க்கா, முறுக்குக் கடையிலிருந்து பேசுறேன். பாட்டி முறுக்கு உடைச்சுக் கொடுக்கிற படம் பார்த்து அத்தைக்கு ரொம்பச் சந்தோஷம். அதை எங்க இன்ஸ்டகிராம் பக்கத்துல ஒரு பதிவா போடலாமான்னு கேக்கத்தான் எழுதுறேன். வேற எங்கேயும், விளம்பரத்துக்கும் பயன்படுத்த மாட்டோம். நீங்க எப்போ எடுக்கச் சொன்னாலும் எடுத்திடுவோம். படம் எடுத்தது யார்? அவங்க பேரைப் போடணும். பாட்டிக்கும் பிள்ளையோட அம்மா அப்பாவுக்கும் சரியான்னு கேட்டுச் சொல்லுங்க. வேண்டாம்னா தாராளமா சொல்லுங்க, ஒண்ணும் நினைச்சுக்க மாட்டோம். வேற ஏதாவது நாங்க தெரிஞ்சுக்கணும்னாலும் சொல்லுங்க."

கடைசி வரியைக் கவனித்தீர்களா? துக்கம், குடும்பப் பிரச்சினை, வேலையிடத்தில் தெரியக்கூடாத விஷயம் என எதுவாக இருந்தாலும், அதைச் சொல்ல ஒரு கதவைத் திறந்து வைக்கும் வரி அது. காரணம் கேட்காமலேயே காரணம் சொல்ல இடம் கொடுக்கிறது.

பதில் வரவில்லை என்றால்? இரண்டு மூன்று நாள் கழித்து ஒருமுறை மட்டும் நினைவூட்டலாம். அதன்பிறகும் மௌனம் என்றால், அதை "இல்லை" என்று எடுத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்குள் போட்டாக வேண்டும் என்பது உங்கள் அவசரம். வாடிக்கையாளருக்கு அந்த அவசரம் இல்லை.

பதில் வந்ததும், தேதி தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். ஆறு மாதம் கழித்துக் கடைப் பக்கத்தை வேறொருவர் பார்த்துக்கொள்ளலாம். யார் எதற்குச் சரி சொன்னார்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டும். இன்ஸ்டகிராம் பதிவுக்குக் கிடைத்த அனுமதி, துண்டுப்பிரசுரத்துக்கும், டப்பாவில் ஒட்டும் தாளுக்கும், காசு கட்டிப் போடும் விளம்பரத்துக்கும் பொருந்தாது. புதிய இடம் என்றால் புதிதாகக் கேட்க வேண்டும்.

கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்?

நம் கற்பனை வாடிக்கையாளர் இப்படிப் பதில் எழுதியிருப்பார் என்று வைத்துக்கொள்வோம்.

"கேட்டதுக்கு நன்றி ம்மா. படம் எடுத்தது என் தம்பி. அவன் சரிங்கிறான். ஆனா பாட்டி முகம் வேண்டாம், வீட்ல துக்கம். தீபாவளின்னும் போடாதீங்க. கை மட்டும் தெரியுற மாதிரி தம்பி இன்னொரு படம் எடுத்திருக்கான், அது ஓகேவா?"

பார்த்தீங்களா? ஒரு கேள்விக்கு எவ்வளவு பதில்! யார் எடுத்தது, யாருக்குச் சம்மதம், எதை எழுதக்கூடாது, அதைவிடப் பொருத்தமான படம், எல்லாமே வந்துவிட்டன. இரண்டு கைகளும் பாதி உடைந்த முறுக்கும் மட்டும் உள்ள படம், முறுக்குக் கடைக்கு உண்மையில் இன்னும் பொருத்தமானது.

இங்கே ஒரு எச்சரிக்கை. முதல் படத்தையே நீங்கள் வெட்டி, முகத்தை நீக்கிப் போட்டுவிடலாமே என்று தோன்றும். வெட்டுவது, ஃபில்டர் போடுவது, மேலே எழுத்து ஒட்டுவது எல்லாமே அடுத்தவர் படைப்பில் கை வைப்பதுதான். அதையும் கேட்டே செய்யுங்கள். முடிந்தால் எடுத்தவரையே வெட்டி அனுப்பச் சொல்லுங்கள். ஸ்க்ரீன்ஷாட்டைவிட மூலப் படம் தெளிவாகவும் இருக்கும்.

எந்த வழியில் போடுவது, பெயரை எங்கே வைப்பது?

வாடிக்கையாளர் தன் ஸ்டோரியில் உங்கள் கணக்கைக் குறிப்பிட்டிருந்தால், அதை உங்கள் ஸ்டோரியில் சேர்க்கும் வசதியை இன்ஸ்டகிராமே தருகிறது. அப்போது அவருடைய கணக்குப் பெயர் தானாக வரும். 24 மணி நேரத்தில் அது மறைந்துவிடும். ஆனால் அதை ஹைலைட்டில் சேர்த்தால் நீங்கள் நீக்கும்வரை அங்கேயே இருக்கும். ஒரு நாள் என்று கேட்டுவிட்டு ஹைலைட்டில் வைப்பது, கொடுத்த வாக்கை மீறுவது.

2025ஆம் ஆண்டு முதல் பொதுப் பதிவுகளை மறுபதிவு செய்யும் பொத்தானும் இன்ஸ்டகிராமில் இருக்கிறது. அதில் மூலப் பதிவே அவர் பெயரோடு பகிரப்படும். அவர் நீக்கினால் உங்களிடமும் போய்விடும். பெயரைப் பொறுத்தவரை இதுவே பாதுகாப்பான வழி. ஆனால் உங்கள் கேப்ஷனை அதில் விரிவாக எழுத முடியாது. மேலும், மூலப் பதிவைப் போட்டவர்தான் அங்கே தெரிவார், எடுத்தவர் தெரியமாட்டார். நம் எடுத்துக்காட்டில் அது அக்கா, தம்பி இல்லை. பொத்தான் இருப்பதால் கேட்காமல் இருந்துவிடலாம் என்றும் இல்லை. இத்தனை ஆயிரம் பேர் பார்க்கும் கடைப் பக்கத்துக்குப் பாட்டியைக் கொண்டுவருவது பொத்தான் இல்லை, நீங்கள்தான்.

மூன்றாவது வழி, படத்தைக் கேட்டு வாங்கி நீங்களே பதிவேற்றுவது. பெரும்பாலான கடைகள் செய்வது இதுதான். இதில் பெயர் தானாக வராது. எல்லாப் பொறுப்பும் உங்களுடையது.

பெயரைக் கேப்ஷனின் கடைசியில், ஹேஷ்டேக்குகளுக்கு நடுவில் போட்டால் போட்டதற்குச் சமமில்லை. நீளமான கேப்ஷனில் முதல் ஓரிரு வரிகள் மட்டுமே கண்ணுக்குத் தெரியும், மிச்சத்தை விரித்துத்தான் படிக்க வேண்டும். அந்த முதல் வரிகளுக்குள் பெயர் வந்துவிட வேண்டும். படத்தின் மேலேயும் அவரை டேக் செய்யுங்கள். யாராவது தட்டினால் நேராக அவர் பக்கத்துக்குப் போகும்.

எந்தப் பெயர் என்பதையும் அவரிடமே கேளுங்கள். சிலருக்கு முழுப்பெயர் பிடிக்காது, கணக்குப் பெயர் போதும் என்பார்கள். சிலர் படம் எடுப்பதற்கென்றே தனிக் கணக்கு வைத்திருப்பார்கள். "பேர் வேண்டாம்" என்று எடுத்தவரே சொன்னால் அதையும் மதியுங்கள். அப்போது "படம் எடுத்தவர் பெயர் வேண்டாம்னு கேட்டுக்கிட்டார்" என்று எழுதினாலே போதும்.

நன்றி ஏன் சில நேரம் நாடகம் போல ஒலிக்கிறது?

முதலில் போட்ட கேப்ஷனுக்குத் திரும்புவோம். "தீபாவளிக் கொண்டாட்டம் களைகட்டுது! எங்க முறுக்கு இல்லாம தீபாவளியா? ஆர்டருக்கு இன்றே டிஎம் பண்ணுங்க!"

இதில் வாடிக்கையாளர் எங்கே இருக்கிறார்? எங்கேயுமே இல்லை. அவர் படம் ஒரு சுவரொட்டி ஆகிவிட்டது. அதோடு, அவர் சொல்லாத ஒன்றை, கொண்டாட்டம் என்பதை, அவர் வாயில் வைத்துவிட்டது.

பலர் இதைத் திருத்தி, இப்படி எழுதுவார்கள்: "எங்கள் அன்பு வாடிக்கையாளரின் மனமார்ந்த ஆதரவுக்கு நெஞ்சார்ந்த நன்றிகள்! உங்கள் புன்னகையே எங்கள் வெற்றி!" தவறு எதுவும் இல்லை. ஆனால் இதை முறுக்குக் கடையும் போடலாம், கார் கழுவும் கடையும் போடலாம், பல் மருத்துவரும் போடலாம். எந்தப் படத்தின் கீழும் ஒட்டக்கூடிய நன்றி, எந்தப் படத்துக்கும் சொந்தமில்லை. படிப்பவர் அதை அரை நொடியில் கண்டுபிடித்துவிடுவார்.

மாற்றாக இப்படி முயன்று பாருங்கள். படத்தில் கண்ணுக்குத் தெரியும் ஒன்றைச் சொல்லுங்கள். அவர் உண்மையில் செய்ததற்கு நன்றி சொல்லுங்கள். அதோடு நிறுத்துங்கள்.

"படம்: தம்பியின் கணக்குப் பெயர். பாட்டி உடைச்சுக் கொடுத்த பாதி முறுக்கு. மிச்சப் பாதி யார் கைக்குப் போச்சுன்னு படத்துலயே தெரியுது. அனுப்பி வச்சதுக்கு நன்றி க்கா, அத்தை இதைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்துக்கிட்டே இருக்காங்க."

இதில் "சுவையான", "தரமான", "பாரம்பரிய" என்று எதுவும் இல்லை. விலை இல்லை, ஆர்டர் எண் இல்லை. தீபாவளி என்ற சொல்லும் இல்லை. ஆனால் படிப்பவருக்கு அந்த முறுக்கைச் சாப்பிடத் தோன்றும். அத்தை படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தது உண்மையாக நடந்திருந்தால் மட்டும் அதை எழுத வேண்டும். நடக்கவில்லை என்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். "அனுப்பி வச்சதுக்கு நன்றி க்கா" என்பதே போதும்.

உங்களுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் எழுதிவிடாதீர்கள். எத்தனை டப்பா வாங்கினார், எந்த வட்டாரத்துக்கு அனுப்பினீர்கள், எதற்காக வாங்கினார் என்பதெல்லாம் உங்களுக்கும் அவருக்கும் இடையில் உள்ளவை. "துக்கத்திலும் எங்களை மறக்காத குடும்பம்" என்று உருக்கமாக எழுதினால், அது கொண்டாட்டம் என்று எழுதியதைவிட மோசம்.

விற்க வேண்டுமே என்று கேட்கலாம். விலையையும் ஆர்டர் வழியையும் பக்கத்தின் முகப்பில் வையுங்கள், அல்லது அடுத்த நாள் தனிப் பதிவாகப் போடுங்கள். நன்றி சொல்லும் பதிவில் விற்பனை வரி வந்தவுடன், அதற்கு முன் எழுதிய நன்றி முழுவதும் அதற்கான முன்னுரை போலத் தெரிந்துவிடும்.

வாடிக்கையாளரின் சொற்களைப் போடும்போது

சில நேரம் படத்தோடு அவர் எழுதிய கருத்தும் நன்றாக இருக்கும். அதையும் போட விரும்பினால், அதற்கும் அனுமதி கேளுங்கள். பிறகு எழுதியதை அப்படியே போடுங்கள். "சூப்பரா இருந்துச்சு லா" என்று அவர் எழுதியிருந்தால், அதை "மிகவும் சுவையாக இருந்தது" என்று மாற்றினால் அது அவர் குரல் இல்லை. எழுத்துப்பிழைகூட ஆளைக் காட்டும்.

பாதி வெட்டுவது இன்னும் ஆபத்து. "உப்பு கொஞ்சம் தூக்கல், ஆனா மொறுமொறுன்னு இருந்துச்சு" என்று அவர் எழுத, நீங்கள் பின்பாதியை மட்டும் போட்டால், அவருடைய கருத்தை மாற்றிவிட்டீர்கள். முழுசாகப் போட்டு, "அடுத்த தடவை உப்பைக் குறைச்சிடுறோம்னு அத்தை சொல்றாங்க" என்று பதில் எழுதிப் பாருங்கள். குறையைச் சொல்லவிடும் கடையின் பாராட்டைத்தான் மக்கள் நம்புவார்கள்.

இன்னொன்று. படம் போடுவதற்காக ஒரு டப்பா இலவசமாகவோ கழிவோ கொடுத்திருந்தால், அதைப் பதிவில் சொல்ல வேண்டும். வியாபாரத் தொடர்பு இருந்தால் அதை மறைக்கக்கூடாது என்பது சிங்கப்பூர் விளம்பரத் தர ஆணையத்தின் சமூக ஊடக வழிகாட்டியில் இருக்கிறது. "இந்த டப்பாவை நாங்கதான் கொடுத்தோம்" என்று ஒரு வரி போதும். அதைச் சொல்லாமல் "வாடிக்கையாளர் அன்பு" என்று எழுதுவதுதான் உண்மையான நாடகம். படம் போட்டதற்கு நன்றியாகப் பிறகு ஏதாவது கொடுக்க நினைத்தால், அனுமதி கிடைத்த பிறகு, அதோடு சேர்க்காமல் கொடுங்கள். "அனுமதி தந்தால் 10 விழுக்காடு கழிவு" என்று முன்கூட்டியே சொன்னால், அந்தச் "சரி"யை விலைக்கு வாங்கியதாகிவிடும்.

எடுக்கச் சொன்னால்?

உடனே எடுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள். கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறும் உரிமை தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. பதிவு, ஸ்டோரி, ஹைலைட், ஃபேஸ்புக்கில் தானாகப் பகிரப்பட்டது, அடுத்த வாரத்துக்கு நேரம் குறித்து வைத்தது என எல்லா இடத்தையும் பாருங்கள். பதிவை மறைத்து வைக்கும் ஆர்க்கைவ் வசதியில் போடுவது எடுத்ததாகாது. உங்கள் கைபேசியில் இருக்கும் பிரதியையும் அழித்துவிடுங்கள். வேறு யாராவது ஏற்கெனவே ஸ்க்ரீன்ஷாட் எடுத்திருந்தால் அதை உங்களால் திரும்பப் பெற முடியாது. முதலிலேயே கேட்பது ஏன் முக்கியம் என்பதற்கு இதுவே காரணம்.

நம் கதையில் தவறு ஏற்கெனவே நடந்துவிட்டது. அப்போது என்ன எழுதுவது? முதலில் படத்தை எடுங்கள், பிறகு எழுதுங்கள்.

"அக்கா, படத்தை எடுத்துட்டேன். ஃபேஸ்புக்லயும் எடுத்துட்டேன். உங்களைக் கேக்காமப் போட்டது என் தப்பு. கொண்டாட்டம்னு எழுதினதும் என் தப்பு. பாட்டிகிட்டயும் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்க. யாராவது கேட்டா, கடைக்காரங்க கேக்காமப் போட்டுட்டாங்கன்னு தயங்காமச் சொல்லுங்க க்கா."

"உங்க மனசு புண்பட்டிருந்தா" என்று அதில் இல்லை. புண்பட்டது என்று அவர்தான் சொல்லிவிட்டாரே. "நல்ல எண்ணத்துல தான் போட்டோம்" என்றும் இல்லை. சொந்தக்காரர்களுக்கு அவர் சொல்ல ஒரு பதிலையும் அது கொடுக்கிறது. பழியை அவர் சுமக்க வேண்டியதில்லை. மன்னிப்பைக் கடைப் பக்கத்தில் பொதுவாகப் போடாதீர்கள். அது மறுபடியும் அந்தக் குடும்பத்தை எல்லார் முன்னாலும் நிறுத்தும்.

அடுத்த முறை யாராவது உங்கள் கடையை டேக் செய்தால், ஸ்க்ரீன்ஷாட் எடுக்கும் முன் அந்தச் செய்தியை அனுப்புங்கள். படம் எடுத்தது யார், படத்தில் இருப்பவர்களுக்குச் சரியா, நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது இருக்கிறதா? பதில் வந்த பிறகு கேப்ஷனை யோசித்தால் போதும். என்ன எழுதலாம் என்பதில் பாதி அந்தப் பதிலிலேயே இருக்கும்.